குறைந்தால், குறைந்தாலும்: ஓர் உரைபெயர்ப்பாளரின் குறிப்பேடு

இலங்கையின் சப்ரகமுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளை மடுவத்தில் டெங்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுகாதார வைத்திய அதிகாரி சிங்களத்தில் பேசுகிறார். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குத் தமிழ்தான் தெரியும். இருவருக்கும் நடுவில் ஒருவர் கையில் குறிப்பேட்டுடன் நிற்கிறார். அதிகாரி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பேசி நிறுத்துவார். நின்றதும் அவ்வளவையும் இவர் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு தாய்மார் கேட்பதைச் சிங்களத்தில் திருப்ப வேண்டும். இதுதான் தொடர் உரைபெயர்ப்பு.

பேசுகிற வேகத்தில் கால் பங்கு கூடக் கைக்கு வராது. அதனால் கேட்டதையெல்லாம் எழுதிவிடலாம் என்ற ஆசையை இந்தத் தொழிலுக்கு வருபவர் முதல் நாளே விட்டுவிட வேண்டும். சுருக்கெழுத்து தெரிந்தால் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் சுருக்கெழுத்து சொற்களைத்தான் பிடிக்கும். அதை வரி வரியாகப் படித்து, பொருள் புரிந்து, பிறகு வேறு மொழியில் சொல்வதற்குக் கூட்டத்தில் நேரம் கிடையாது. உரைபெயர்ப்பாளரின் தாள், ஒருமுறை பார்த்ததும் கேட்டது முழுவதும் நினைவுக்கு வரும்படி இருந்தால் போதும்.

இந்த வகைக் குறிப்புக்கு ஒழுங்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் பிரான்சுவா ரோசான். ஜெனீவாவில் 1956இல் வெளியான அவருடைய சிறு நூல் ஏழு விதிகளைச் சொல்கிறது. சொல்லை விட்டுக் கருத்தை எழுது, சுருக்கி எழுது, கருத்துகளுக்கு இடையிலான இணைப்பைத் தவறாமல் எழுது, மறுப்பைக் காட்டு, அழுத்தத்தைக் காட்டு, மேலிருந்து கீழாக எழுது, ஒவ்வொரு வரியையும் சற்று வலப்பக்கம் தள்ளித் தொடங்கு. குறியீடுகள் இருபது போதும் என்பது அவர் கணக்கு. ஜெர்மனியில் ஹைன்ஸ் மாட்டிசெக் 1989இல் இதற்கு நேர்மாறாகப் பெரியதொரு குறியீட்டுத் தொகுதியையே உருவாக்கினார். தோட்டத்துக் கூட்டத்தில் நிற்பவருக்கு ரோசானின் வழிதான் கைகொடுக்கும். பேச்சுத் துண்டுகள் சிறியவை. மருந்து, நாள், அறிகுறி என்று பேசப்படும் பொருளும் குறுகியது.

ரோசான் எழுதியது ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்து. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் நிற்பவருக்கு அந்த ஏழில் ஒன்று கூடுதல் பாரமாகிறது. அது இணைப்பு. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ ‘என்றால்’, ‘என்றாலும்’ என்ற பொருள் தரும் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். இந்த இரண்டு மொழிகளிலும் அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சிங்களத்தில் ‘அடு வுணொத்’ என்றால் குறைந்தால். ‘அடு வுணத்’ என்றால் குறைந்தாலும். நடுவில் ஓர் உயிரொலிதான் வேறுபாடு.

டெங்குவில் இந்த வேறுபாடு சாதாரணமானது இல்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. ஆபத்தான கட்டம் அதுதான். ‘காய்ச்சல் குறைந்தாலும் கவனமாக இருங்கள்’ என்று அதிகாரி சொன்னது, ‘குறைந்தால் கவலையில்லை’ என்கிற பக்கம் சாய்ந்துவிட்டால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய நாளில் தாய் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

ஆகவே தாளின் இடப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு கிழித்து, அந்த ஓரத்தை இணைப்புக்கும் மறுப்புக்கும் மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். வாக்கியம் ஓடும்போது வலப்பக்கம் கருத்து விழுகிறது. வினை முடிந்து வால் காதில் விழுந்ததும், பேனா ஓரத்துக்குத் திரும்பி ‘ஆல்’ என்றோ ‘ஆலும்’ என்றோ குறிக்கிறது. ‘எப்பா’ என்ற சிங்களச் சொல்லும் அப்படித்தான். கொடுக்கச் சொல்கிறாரா, கொடுக்க வேண்டாம் என்கிறாரா என்பது கடைசியில்தான் தெரியும். வேண்டாம் என்றால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி.

அதிகாரியின் பேச்சில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். தமிழில் அதன் பொருள் இது: “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதியுங்கள். காய்ச்சல் குறைந்தாலும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம், சிறுநீர் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.”

தாளில் இது இப்படி இறங்கும்:

```
ஆல்    | பி கா
       |    பரசி (மட்டும்)
       |       15 மிகி / 1 கிலோ
       |       6 மணி
-------------------------
 ×     | இபு
       | டைகு    கொடு
       | அஸ்
ஏன்    |         கசிவு ↑
-------------------------
       | நா 3   இர பரி
-------------------------
ஆலும்  | கா ↓
 ×     |    நிம்மதி
-------------------------
ஒன்று  | வயிறு !
ஆலும்  | வாந்தி ~~
       | முரசு இர
       | சிறுநீர் ↓
       |         ஆஸ் !!
```

எண்ணும் பெயர்ப் பட்டியலும் அப்படியே விழுந்திருப்பதைக் கவனிக்கலாம். ஒரு கதையை மனம் தானாகத் தொடுத்துக்கொள்ளும். 15, 6, 3 ஆகியவற்றுக்கு இடையில் அப்படித் தொடுக்க எதுவும் இல்லை. அதனால் எண் காதில் விழுந்த கணமே, பாதி எழுதிய சொல்லை விட்டுவிட்டாவது அதை எழுத வேண்டும். கூடவே அலகும் வேண்டும். அலகில்லாத 15 என்பது மில்லிகிராமா, மில்லிலீட்டரா என்று பத்து வினாடி கழித்துத் தாள் சொல்லாது. பரசிட்டமோல் பாணி கொடுக்கும் வீட்டில் அந்த வேறுபாடு மருந்தின் அளவையே மாற்றிவிடும்.

மூன்று மருந்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. ‘கொடு’ ஒரே முறை. பெருக்கல் குறி மூன்றுக்கும் சேர்த்து. அறிகுறிகளும் அவ்வாறே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் ‘ஒன்று’ இல்லாவிட்டால், நான்கும் சேர்ந்து வந்தால்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு கருத்தும் முடிந்த இடத்தில் ஒரு கிடைக்கோடு. உரைபெயர்ப்பாளர் ஒரு கோடு வரை பார்ப்பார், தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார், அடுத்த கோட்டுக்குக் குனிவார். சொல்லி முடித்த பகுதியின் மேல் சாய்கோடு ஒன்றைப் போட்டுவிடுவதால், பழைய குறிப்பு புதியதுடன் கலக்காது.

தமிழில் சுருக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. மருந்து, மருத்துவர், மருத்துவமனை மூன்றும் ‘மரு’ என்றே தொடங்கும். ரோசான் பிரெஞ்சுச் சொற்களுக்குச் சொன்ன தீர்வு இங்கேயும் பொருந்துகிறது: முதல் எழுத்துகளை எழுதி, சொல்லின் கடைசி எழுத்தைச் சிறிதாக மேலே ஏற்றி வைக்க வேண்டும். ‘மரு’வின் தோளில் ‘து’ இருந்தால் மருந்து, ‘ர்’ இருந்தால் மருத்துவர், ‘னை’ இருந்தால் மருத்துவமனை. ‘கா’ காய்ச்சலா, காலையா என்ற குழப்பத்துக்கு வேறு வழி இல்லை. கூட்டத்துக்கு முன்பே ஒன்றுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட வேண்டும். மேடையில் நின்றுகொண்டு புதுக் குறியீடு கண்டுபிடிப்பவர் இரண்டு நிமிடம் கழித்து அதைத் தானே படிக்க முடியாமல் திணறுவார்.

கேள்வி நேரம் வந்ததும் பக்கத்தின் அமைப்பு மாறுகிறது. ஒரு தாய் எழுந்து, “ஐயா, என் மகனுக்கு முந்தாநாள்ல இருந்து காய்ச்சல். நேத்து ராத்திரி ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். மாமியார் பப்பாசி எல சாறு குடுத்தாங்க. இன்னமும் குடுக்கலாமா?” என்று கேட்கிறார். நாட்களைச் சொல்லாக எழுதுவதை விட, இன்றைக்குச் சுழியம் வைத்து முந்தாநாளுக்கு −2, நேற்றைக்கு −1 என்று போடுவது வேகமானது. காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதை வைத்தே அதிகாரி அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பார் என்பதால், இந்தக் கழித்தல் குறிகள் பதிலையே திசைதிருப்பக் கூடியவை. சாறு கொடுத்தது யார் என்பதும் குறிக்கப்படுகிறது. அதிகாரி மாமியாரிடம் பேச விரும்பக்கூடும். கேள்வி எது என்பதைக் காட்ட ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. கதை நீண்டு கேள்வி எங்கோ நடுவில் வருவது இத்தகைய கூட்டங்களில் வழக்கம். அந்தக் குறியைப் பார்த்து உரைபெயர்ப்பாளர் அதிகாரியிடம் எதையும் விடாமல் சொல்ல முடியும்.

எந்த மொழியில் குறிப்பெடுப்பது என்பதில் பயிற்றுநர்களிடையே ஒரே கருத்து இல்லை. கேட்கும் மொழியில் எழுதினால் கைக்கு எளிது. சொல்லப்போகும் மொழியில் எழுதினால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும், ஆனால் கேட்கும்போதே மொழிமாற்றவும் வேண்டியிருக்கும். நடைமுறையில் பலருடைய தாளும் கலப்படம்தான். இரு திசையிலும் மாறி மாறிப் பேச வேண்டிய கூட்டத்தில், எந்த மொழியும் இல்லாத அம்பும் எண்ணும் கூடுதலாக இருந்தால் நல்லது.

குறிப்பு கெட்டுப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பேசுபவர் நிறுத்திய பிறகும் பேனா ஓடிக்கொண்டிருந்தால், எழுதுவது அளவை மீறிவிட்டது. உரைபெயர்ப்பு ஆய்வாளர் டேனியல் ஜில் விளக்குவதைப் போல, கேட்பதும் நினைவில் வைப்பதும் எழுதுவதும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எழுத்து கூடினால் காது குறைகிறது. நிறைய எழுதியவர்தான் பெரும்பாலும் கடைசி வாக்கியத்தைத் தவற விடுகிறார். இன்னோர் அடையாளம், ஓரம் வெறுமையாக இருப்பது. வலப்பக்கம் சொற்கள் நிறைந்து, இடப்பக்கம் ஓர் ‘ஆல்’ கூட இல்லையென்றால், சொற்களைப் பிடித்தவர் அவை எப்படிச் சேர்ந்தன என்பதைக் கேட்கவில்லை.

அந்த நிலையில் ஊகிப்பதை விட, “டொக்டர், காய்ச்சல் குறைந்தால் என்றீர்களா, குறைந்தாலும் என்றீர்களா?” என்று கேட்டுவிடுவதே முறை. கேட்கிறேன் என்பதைத் தாய்மாருக்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இருவரும் தங்களைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று கூட்டம் நினைக்கும்.

குறிப்பால் தீராதவையும் உண்டு. அதிகாரி ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினால் சிறந்த தாளும் நிரம்பி வழியும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லிக் கூட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். கை தூக்கினால் நிறுத்துவார் என்று ஒரு சைகையும் பேசி வைக்கலாம். எடைக்கேற்ற மருந்தளவு அட்டவணை போன்றவற்றைக் காதால் கேட்டு எழுதுவதை விட, அச்சிட்ட தாளை முன்கூட்டியே வாங்கி அதிலிருந்து சொல்வது பாதுகாப்பு. கூட்டம் முடிந்ததும் குறிப்புத் தாள்கள் கிழித்து அழிக்கப்படுகின்றன. யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை நாள் காய்ச்சல் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.