டெட்லிஃப்டில் இடுப்பு பிடித்துக்கொண்டால்...

ஜிம்மில் டெட்லிஃப்ட் செய்கிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "தூக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்பது. 28 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 100 கிலோவை 5 முறை தூக்குபவர். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. அன்று 110 கிலோ போட்டுப் பார்க்கிறார். நான்காவது முறை கம்பி காலை விட்டு நாலு விரல் முன்னால் நகர்கிறது. கீழ்முதுகில் சுருக்கென்று வலி. கம்பியைப் போட்டுவிட்டு நிமிர முடியாமல் நிற்கிறார்.

அந்த நொடியில் எல்லோருக்கும் வரும் பயம், டிஸ்க் விலகிவிட்டதோ என்பதுதான். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. தசையோ மூட்டுகளைச் சுற்றியுள்ள திசுக்களோ தாங்கும் அளவைத் தாண்டிய சுமையால் எரிச்சலடைகின்றன. உடனே சுற்றியுள்ள தசைகள் இறுகி அந்த இடத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் காயம் சிறிதாக இருந்தாலும் வலி பெரிதாக இருக்கிறது. இப்படிப்பட்ட வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பது தெரிகிறது. ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அடையாளங்கள். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால், முதல் இரண்டு மூன்று நாள் படுக்கையிலேயே கிடக்காமல் பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளில் பலமுறை நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முதுகை முறுக்க விடாதீர்கள்.

பிறகு பயிற்சியை நிறுத்தாமல், மாற்ற வேண்டும். உட்கார்ந்து செய்யும் நெஞ்சு, தோள் பயிற்சிகள், லாட் புல்டவுன் ஆகியவற்றை வலி கூடாதவரை தொடரலாம். குனிந்தபடி செய்யும் பார்பெல் ரோவைத் தள்ளிவைக்கலாம். டெட்லிஃப்டைப் பொறுத்தவரை மாற்றுவதற்கு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: எடை, கம்பியின் உயரம். 20 கிலோ பிளேட்டின் விட்டம் பொதுவாக 45 செ.மீ. என்பதால் கம்பி தரையிலிருந்து சுமார் 22 செ.மீ. உயரத்தில் நிற்கும். சிறிய ஜிம்களில் 10 கிலோ இரும்பு பிளேட்டுகளை மாட்டித் தூக்கும்போது கம்பி அதைவிடக் கீழே கிடக்கும். எடை குறைவுதானே என்று நினைப்போம். ஆனால் முதுகு கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கும். வலியோடு திரும்பி வருபவருக்கு இதுவே பெரிய தடை.

ஆகவே நம் இளைஞர் ஒரு வாரம் கழித்து, கம்பியை ரேக்கில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைத்து, 40 கிலோவில் 8 முறை வீதம் 3 செட் மெதுவாகச் செய்கிறார். கம்பி உடம்பை ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். வலிக்கு 10 மதிப்பெண் என்றால், செய்யும்போது 3 வரை இருக்கலாம். ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில்தான். எழுந்திருக்கும்போது இடுப்பு நேற்றைப் போலவே இருந்தால் அந்த அளவு சரி. அடுத்த முறை 5 கிலோ கூட்டலாம். இறுக்கம் அதிகமாகியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்க வேண்டும். 60 கிலோ சுகமாக வந்த பிறகு உயரத்தைக் குறைக்கத் தொடங்கலாம். அப்படிக் குறைக்கும் நாளில் எடையைக் கூட்டக் கூடாது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால், வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டோ பெல்ட்டை இறுக்கிக்கொண்டோ எடை தூக்காதீர்கள். மாத்திரை வலியை மறைத்தால் எந்த அளவில் நிறுத்துவது என்பது தெரியாது. பெல்ட் வயிற்றழுத்தத்தைக் கூட்ட உதவும்; காயத்தை ஆற்றாது.

இந்த முறையில் பலர் ஆறு முதல் எட்டு வாரங்களில் பழைய எடைக்கு அருகே வந்துவிடுகிறார்கள். ஆறு வாரமாகியும் முன்னேற்றமே இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். 100 கிலோவுக்குத் திரும்பியதும், அதே எடையிலேயே இரண்டு மூன்று வாரம் நின்றுவிட்டு மேலே போங்கள். தூக்கம் கெட்ட நாளில் புதிய எடையை முயற்சி செய்யவே வேண்டாம்.