உறைந்த சிப் விட்டுவைக்கும் தடயம்

ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி. சென்சார் கேபிள் வழியாக அனுப்பும் வரிகளைப் படிக்கிறது. சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு விளக்குகூட மினுங்காமல் உறைந்துவிடும். உள்ளே 20 கிலோபைட் ராம் கொண்ட எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலர். அணைத்துப் போட்டால் வேலை செய்யும். ஆனால் உறைந்ததற்கான தடயமும் அதோடு அழிந்துபோகும்.

தடயத்தைக் காப்பாற்ற உதவுவது ஹார்டுவேர் டீபக்கர். எஸ்டி-லிங்க் போன்ற ஒரு சிறு கருவியிலிருந்து இரண்டு சிக்னல் கம்பிகளும் ஒரு கிரவுண்டும் சிப்புக்குப் போகும். கணினியில் ஜிடிபி நிரலைத் திறந்து சிப்பை நிறுத்தினால், அது எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும் சுற்றில் நின்றால் கோளாறு ஒரு வகை. `HardFault_Handler` உள்ளே நின்றால் வேறு வகை: செய்ய முடியாத ஒன்றைச் செய்யப்போய், பிழை கையாளும் பகுதிக்குள் சிப் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பகுதி வெறும் முடிவற்ற சுற்று. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்க உறைந்ததுபோல் தெரிகிறது.

இரண்டாம் வகை என்று தெரிந்ததும், அந்தப் பகுதியின் முதல் கட்டளையிலேயே பிரேக்பாயின்ட் வைத்துக் கருவியை ஓடவிட வேண்டும். சிப் அங்கே நின்றதும் இவற்றைக் கேட்கலாம்:

```
break *HardFault_Handler
continue
x/wx 0xE000ED28
x/wx 0xE000ED38
x/8wx $msp
```

முதல் இடத்தில் `0x00008200` என்று இருந்தால், தவறான முகவரியைத் தொட்டதால் வந்த பிழை, அந்த முகவரியும் பதிவாகியிருக்கிறது என்று பொருள். முகவரி அடுத்த இடத்தில்: `0x20005000`. இந்தச் சிப்பின் ராம் `0x20004FFF`-இல் முடிகிறது. ஆக, ராமின் விளிம்பைத் தாண்டி ஒரே ஒரு பைட்!

பிழை நேரும்போது சிப் எட்டு ரெஜிஸ்டர்களைத் தானே ஸ்டாக்கில் எழுதிவைக்கிறது. மூன்றாவது கேள்வி காட்டுவது அவற்றைத்தான். ஏழாவது எண், பிழை செய்த கட்டளையின் முகவரி. `info line *` என்பதோடு அந்த எண்ணைக் கொடுத்தால் மூல நிரலின் வரி வரும்:

```c
while (*p != '\n') p++;
```

வரி முடிவுக் குறியைத் தேடும் சுற்று இது. கேபிளில் இரைச்சல் வந்து அந்தக் குறி தொலைந்தால், தேடல் ராமின் கடைசிவரை போகும். வழியில் தற்செயலாக 10 என்ற மதிப்புள்ள பைட் இருந்தால் நின்றுவிடும், கருவி தப்பிக்கும். எப்போதாவது மட்டும் உறைவதன் காரணம் இதுதான். பெறப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையோடு தேடலை நிறுத்துவது தீர்வு.

இங்கே பிழை செய்தது வாசிப்பு என்பதால் வரி துல்லியமாகக் கிடைத்தது. எழுதும்போது நேர்ந்திருந்தால், கட்டளை கடந்த பிறகே பிழை தெரியவரலாம். அப்போது `0x00000400` தென்படும், காட்டப்படும் வரிக்குச் சற்று முன்னால் தேட வேண்டும். டீபக்கர் இணைக்க முடியாத இடத்தில் இருக்கும் கருவிக்கு, பிழை கையாளும் பகுதியே இந்த எண்களைச் சேமித்துவிட்டு ரீசெட் செய்யும்படி எழுதிவிடலாம்.