மரவட்டை எந்த வழியாக உள்ளே வருகிறது?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், தரைத்தள வீடுகளின் குளியலறைகளில் மரவட்டை ஊர்வலம் தொடங்கிவிடும். சிறுவர்கள் ரயில் பூச்சி என்பார்கள். கூடவே வால்முனையில் இடுக்கி வைத்த பழுப்புப் பூச்சி ஒன்றும், சாம்பல் நிறத்தில் ஓடு ஓடாகத் தெரியும் இன்னொன்றும் வரும். உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி, குளியலறை முழுக்க அடிக்கிறோம். காலையில் செத்தது கொஞ்சம் கிடக்கும், மறுநாள் இரவு அதே அளவு புதிதாக வந்திருக்கும்.

காரணம் எளிது. மரவட்டையின் வீடு நம் குளியலறை அல்ல. மட்கிய இலையும் ஈர மண்ணும்தான் அதன் வீடு, சாப்பாடும் அங்கேதான். மண் ஊறி நீர் நிறைந்ததும் மேலே ஏறி அலைகிறது, சுவர் குறுக்கிட்டால் அதை ஒட்டியே நடந்து, கிடைத்த இடுக்கில் நுழைகிறது. அதன் தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெழுகுப் பூச்சு கிடையாது. அதனால் காய்ந்த டைல்ஸ் தரைக்கு வந்துவிட்டால் ஓரிரு நாளில் வற்றி, சுருண்டு செத்துப்போகும். உள்ளே அடிக்கிற மருந்து பெரும்பாலும் சாகப்போவதைத்தான் கொல்கிறது. வாசலில் தூவும் பவுடரோ ஈரத்தில் கரைந்து ஓடிவிடுகிறது.

ஆகவே கண்டுபிடிக்க வேண்டியது வழியை. தாம்பரம் பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இரண்டு குளியலறைகள். தினமும் குளிக்கிற அறையில் ஒன்றிரண்டுதான் வரும். விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்த அறையிலோ தினமும் ஒரு முறம் கூட்டி அள்ளினார்கள். "மூடியே கிடக்கிற ரூமுக்குள்ள எப்படிங்க வரும்?" என்று கேட்டார். பூட்டி வைத்ததுதான் வினையே. தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே நானி டிராப் என்றொரு கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடை வாடையையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பல வாரம் யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும், வெளியே சேம்பரிலிருந்து குழாய் வழியே நேராக ஏறிவரலாம்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லோரும் தூங்கப் போன பிறகு தரையைத் துடைத்துவிட்டு, கண்ணில் படும் பூச்சிகளைக் கூட்டி எடுத்துவிட்டு, ஜாலியின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் டப்பாவுக்குள் மரவட்டை இருந்தால் குழாய் வழி. வெளியே மட்டும் கிடந்தால் கதவடியோ, சுவரைத் துளைத்துப் போகும் பைப்பைச் சுற்றிய ஓட்டையோதான். அந்த வீட்டில் டப்பாவுக்குள்ளும் இருந்தது, வெளியேயும் ஒன்றிரண்டு கிடந்தன. வாரம் ஒருமுறை இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னதில் உள்ளே வந்தவை நின்றன. மீதி கதவடி வழியாக வந்தவை. அதற்கு ரப்பர் பட்டை போதுமானது. பைப் ஓட்டைக்கு சிமென்ட். வெளிச்சுவரை ஒட்டி இலைக்குப்பை, செங்கல், பூந்தொட்டி எதுவும் ஓரடிக்குள் இல்லாமல் பார்த்துக்கொண்டால் வரவு குறையும்.

வந்ததைத் துடைப்பத்தால் முறத்தில் தள்ளித் தோட்டத்தில் போடுங்கள், நசுக்க வேண்டாம். மரவட்டை கடிக்காது. ஆனால் மிரண்டால் கசியவிடும் திரவம் கையில் பழுப்புக் கறையாகும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தட்டையாக, விறுவிறுவென ஓடினால் அது பூரான். அதுதான் கடிக்கும்.

இடுக்கி வால்காரனைப் பற்றி, காதுக்குள் புகுந்து மூளைக்குப் போகும் என்று ஒரு பயம் உண்டு. அப்படியெல்லாம் போகாது, விஷமும் இல்லை. பகலில் இறுக்கமான இடுக்கில் ஒளிவது அதன் பழக்கம், ஈரத் துணியும் மிதியடியும் அதற்குப் பிடித்த இடம். தாய்ப்பூச்சி முட்டைகளைப் பூஞ்சை பிடிக்காமல் நக்கிச் சுத்தம் செய்து காவல் காக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

சாம்பல் நிறத்தவர் பூச்சியே அல்ல, இறால், நண்டு வகையறா. பதினான்கு கால், வயிற்றடியில் செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சு. அதனால் ஈரம் இல்லாமல் நாள் கடத்த முடியாது. இங்கேதான் கவனிக்க வேண்டும். மரவட்டை காய்ந்து சுருண்டு கிடந்தால் உங்கள் தரை நன்றாக இருக்கிறது என்று பொருள். மழை விட்டுச் சில வாரம் ஆன பிறகும் இவர்கள் ஒரே மூலையில் உயிரோடு, குஞ்சுகளோடு நடமாடினால், சுவருக்குள் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.