கோட்டுக்கு முன் வேகம்

கால்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டும் கடைசி அடியைப் பட் என்பார்கள். அது நடக்கும் இடம் கிரீன் எனப்படும், ஒட்ட வெட்டிய புல்தரை. குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் நேராகத் தட்டிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் கிரீன் சமதளமாக இருப்பது அபூர்வம். சரிவில் உருளும் பந்து பள்ளத்தின் பக்கம் வளையும். அந்த வளைவை முன்கூட்டியே கணித்து, மேட்டுப் பக்கமாகக் குறிவைக்க வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் குறியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடிக்கும்போதுதான் வேகத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். இது தலைகீழான வரிசை. பந்து குழியை எந்த வேகத்தில் அடைய வேண்டும் என்று முடிவு செய்யாதவரை, எவ்வளவு வளையும் என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழி மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கிறது. தரை இடமிருந்து வலமாகச் சரிகிறது, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம். கிரீன் நடுத்தர வேகம் உடையது. அதாவது ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்தகட்டிலிருந்து விடும் பந்து சமதரையில் பத்தடி ஓடி நிற்கும். குழியின் விளிம்பில் உயிர் போவதுபோல் பந்து விழ வேண்டுமென்றால், குழிக்கு இடப்பக்கம் சுமார் 38 சென்டிமீட்டர் தள்ளிக் குறிவைக்க வேண்டும். தவறினால் 40 சென்டிமீட்டர் தாண்டிப் போய் நிற்கும் வேகத்தில் அடித்தால் 27 போதும். ஒரு மீட்டர் தாண்டும் வேகம் என்றால் 21தான். தரை ஒன்றே, சரிவு ஒன்றே. வேகம் மாறியதும் குறி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

பந்தைச் சரிவு எப்போதும் ஒரே அளவு விசையோடுதான் பக்கவாட்டில் இழுக்கிறது. வேகமாகப் போகும் பந்தை இழுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பந்து தளரத் தளர, முன்னோக்கிய ஓட்டம் குறைந்து, இழுப்பின் கை ஓங்குகிறது. அதனால்தான் வளைவின் பெரும்பகுதி குழியை நெருங்கும் கடைசித் தூரத்தில் நிகழ்கிறது. கிரீனைப் படிக்கும்போது குழியைச் சுற்றியுள்ள ஒரு மீட்டரைத்தான் அதிகம் உற்றுப் பார்க்க வேண்டும். நம் காலடியில் உள்ள சரிவு அந்த அளவுக்குப் பொருட்டல்ல.

அப்படியானால் வேகமாகவே அடித்து வளைவைக் குறைத்துவிடலாமே? முடியாது. மெல்ல வரும் பந்து குழியின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே விழும். வேகமாக வரும் பந்து நடுவில் பட்டால்தான் விழும். ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியேறும். பட்டிங்கை நெடுங்காலம் ஆராய்ந்த டேவ் பெல்ஸ், தவறினால் 17 அங்குலம், அதாவது சுமார் 43 சென்டிமீட்டர் தாண்டி நிற்கும் வேகத்தைப் பரிந்துரைத்தார். பழகுபவர்களுக்கு அது நல்ல தொடக்கம் என்றே நானும் நினைக்கிறேன். கீழ்நோக்கிய பட்டுக்கு மட்டும் சற்று மெதுவான வேகமே பாதுகாப்பு.

சரிவைப் படிக்கச் சிறந்த இடம் பள்ளத்தின் பக்கம். கோட்டின் நடுவே, தாழ்வான பக்கத்தில் நின்று பார்த்தால் சரிவு கண்ணுக்குப் பிடிபடும். மேட்டிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். கண் சந்தேகப்பட்டால் இரு கால்களையும் அகட்டி நின்று, எந்தப் பாதத்தில் எடை அதிகம் விழுகிறது என்று கவனிக்கலாம்.

அடுத்தது கிரெய்ன், அதாவது புல் சாய்ந்து வளரும் திசை. குளிர்ந்த இடங்களில் வளரும் பென்ட் புல்லில் இது அவ்வளவாகத் தெரியாது. ஃப்ளோரிடா போன்ற வெப்பமான இடங்களின் பெர்முடா புல்லில் புறக்கணிக்கவே முடியாது. உங்கள் பக்கமிருந்து பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால், அது உங்களை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. பந்து விரைந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தடைபடும். உறுதிசெய்ய, குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கூர்மையாக வெட்டியதுபோலவும் எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுப்பேறியும் இருந்தால், புல் அந்தப் பழுப்புப் பக்கத்தை நோக்கி வளர்கிறது.

கிரெய்ன் பந்தை ஓரளவு தன் பக்கம் தள்ளவும் செய்யும். ஆனாலும் அது முதலில் மாற்றுவது வேகத்தை. எதிர்ப்புல்லில் நம் பத்தடி கிரீன் எட்டடி கிரீன் போல நடந்துகொண்டால், அதற்கேற்பப் பலமாக அடிக்க வேண்டும். அப்போது 27 சென்டிமீட்டர் வளைவு ஏறத்தாழ 22 ஆகிவிடும். பன்னிரண்டடி கிரீன் போல ஓடினால் 32 ஆகும். பக்கவாட்டுப் புல் சரிவோடு சேர்ந்தே சாய்ந்திருந்தால் வளைவு இன்னும் கூடும். எதிராகச் சாய்ந்திருந்தால் குறையும்.

பட் தவறியதும் கோட்டைக் குறைசொல்வதற்கு முன், பந்து எங்கே நின்றது என்று பாருங்கள். நினைத்த தூரத்தில் நின்று, பள்ளத்துப் பக்கமாகத் தவறியிருந்தால், பெரும்பாலும் சரிவைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். குழியை எட்டாமலே நின்றிருந்தால் படிப்பு சரியாகவே இருந்திருக்கலாம், தப்பியது வேகம். தாண்டி ஓடினால் முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை பாருங்கள். குழிக்கு அப்பால் அது வளையும் விதம்தான் திரும்பி அடிக்க வேண்டிய பட்டின் கோடு.