சலூன்காரர் போட்ட கோட்டைத் தாண்டாதீர்கள்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். வெட்டி இரண்டு வாரம் ஆகும்போது தலையில் அந்த அரை சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாது. பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் மட்டும் பளிச்சென்று தெரியும். சலூன்காரர் வழித்துவிட்ட இடத்தில் புதுமுடி முளைத்து, அவர் போட்ட கோட்டை மறைத்துவிடுவதுதான் காரணம். அதை மட்டும் சின்ன ட்ரிம்மரால் எடுத்துவிட்டால், அடுத்த கட்டிங்கை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம்.

தலை காய்ந்திருக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தால் பின்கழுத்து தெரியும். நீளமான அடர்முடி எங்கே முடிகிறது, குட்டைமுடி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பழைய கோடு அதுதான். கழுத்தை நிமிர்த்தி வைத்தே பாருங்கள். குனிந்தால் தோல் இழுபட்டு கோடு இடம் மாறித் தெரியும்.

இனி கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இடதுகை ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் படுக்கையாக வையுங்கள். அது வேலி. சீப்பு மாட்டாத ட்ரிம்மரின் பற்கள் தோலைப் பார்க்கும்படி திருப்பி, விரலுக்குக் கீழே லேசாகத் தொட்டு, கழுத்துப் பக்கமாக இறக்குங்கள். கீழிருந்து மேலே ஏற்றினால் முடி சுத்தமாக வரும். ஆனால் கை சற்று நழுவினாலும் கோட்டுக்கு மேலே ஒரு பள்ளம் விழும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கண்ணாடியில் சரிபாருங்கள்.

காதுக்குப் பின்னால் வேலை இன்னும் குறைவு. காது மடலை முன்பக்கம் மடக்கிப் பிடித்து, வளைவுக்கு வெளியே தோலில் முளைத்திருப்பதை மட்டும் ட்ரிம்மரின் முனையால் எடுங்கள்.

பலரும் கெடுத்துக்கொள்வது சமன்பார்ப்பதில்தான். வலது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று இடதை ஏற்றுவார்கள். பிறகு இடது ஏறியதாகத் தோன்றும். இப்படியே கோடு மேலே போய்விடும். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கட்டைமுடி பட்டையாக முளைத்து நின்றால், கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது வளரும்வரை சலூன்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே சின்ன வித்தியாசத்தை அப்படியே விடுங்கள். கோடே இல்லாமல் படிப்படியாகக் குறைத்து வெட்டியிருந்தால் புதிதாகக் கோடு போடாதீர்கள். கழுத்தில் தனியாக நிற்கும் முடியை மட்டும் எடுங்கள்.

ரேசர் வேண்டாம். ஒட்ட மழித்த முடி, குறிப்பாகச் சுருள்முடி, தோலுக்குள்ளேயே வளைந்து பருக்களாகக் கிளம்பும். பின்கழுத்தில் ஏற்கெனவே கட்டியோ படையோ இருந்தால் ட்ரிம்மரும் வேண்டாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். முடித்தபின் பிளேடைத் துலக்கி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதால், ட்ரிம்மரை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.