நீண்டது எஃகா, எந்திரமா?

இழுவைச் சோதனைக்கான எஃகுத் துண்டின் இரு முனைகளும் தடித்திருக்கும். நடுப்பகுதியைக் கடைந்து 10 மி.மீ. விட்டத்துக்கு மெலிதாக்கியிருப்பார்கள். பிடிப்பான்கள் கவ்வும் இடத்தில் அறுந்துவிடாமல் நடுவில் அறுபட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வடிவம். தோளிலிருந்து நடுப்பகுதிக்கு இறங்கும் வளைவும் வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே கடைசல் உளியின் கீறல் விழுந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பலாம்.

நடுவில் 50 மி.மீ. இடைவெளியில் இரு குறிகள் இடுகிறோம். 250 மெகாபாஸ்கல் தகைவில் இளகத் தொடங்கும் சாதாரண எஃகு என்றால், அந்த நிலைக்கு ஏறத்தாழ இரண்டு டன் எடை தொங்கும் அளவு விசை தேவை. அப்போது குறிகளுக்கு இடையே நீள்வது வெறும் 0.06 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்!

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். எந்திரத்தின் தலைப்பகுதி நகர்ந்த தூரத்தையே நீட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிடிப்பானின் வழுக்கல், எந்திரச் சட்டத்தின் வளைவு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். வரைபடத்தின் தொடக்கம் நேராக ஏறாமல் வளைந்து கிளம்பினால் சந்தேகப்படலாம். துண்டின் மீதே நீட்சிமானியைக் கவ்வவிட்டு அளப்பதே சரி.

வேகமும் கணக்கில் வரும். விநாடிக்கு 0.00025 திரிபு என்றால், 60 மி.மீ. நடுப்பகுதிக்கு நிமிடத்துக்கு 0.9 மி.மீ. அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் எஃகு இருப்பதைவிட வலுவானதாகத் தெரியும்.