வினா வடிவில் வரும் முறையீடு: யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை ஆதாரமாகக் கொண்ட ஒரு நோக்கு

வினா வாக்கியம் யாவும் விடையை வேண்டி நிற்பதில்லை என்பது நமது இலக்கண ஆசிரியர்கள் அறியாத செய்தியன்று. நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்தார். இவற்றுள் அறியாமையும் ஐயமுமே அறியாத ஒன்றை அறிந்துகொள்ளும் பொருட்டு எழுபவை. ஆசிரியன் மாணவனிடம் பொருள் வினவுவது அறிவு வினா. அவனுக்கு விடை முன்னரே தெரியும். வாக்கியத்தின் வடிவை நோக்காது, வினவுவோன் என்ன கருதி வினவுகின்றான் என்பதை அடிப்படையாகக் கொண்டே இப்பாகுபாடு அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது.

எனினும் இவ்வாறனுள் அடங்காத வினாவொன்று நமது அன்றாட வாழ்வில் மிகுதியாக வழங்குகின்றது. 'நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?' என்று ஒரு பெண் கேட்கும்போது, சொல்லத்தக்க ஆட்களின் பெயர்ப்பட்டியலை அவள் எதிர்பார்ப்பதில்லை. அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்று தொல்காப்பியம் கூறும். மேற்கண்ட வினா அந்த நான்கிலிருந்து பிறந்து வினாவின் வடிவத்தை எடுத்துக்கொண்டதாகும். வினாவைச் சொல்லதிகாரத்திலும் அழுகையைப் பொருளதிகாரத்திலும் வைத்து ஆராய்ந்த மரபில், இரண்டும் ஒன்றாகும் இடம் தனித்து ஆராயப்படவில்லை. அன்றாட வாழ்விலோ அந்த இடத்திலேதான் நாம் அடிக்கடி தடுமாறுகின்றோம். இத்தகைய செய்தியைப் பெறுவோன் விடை சொல்வதா, கேட்டிருப்பதா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு செய்தியை அமைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, சூழல் கற்பனையன்று. போருக்குப் பின்னர் வடபகுதியில் நுண்கடன் நிறுவனங்கள் பரவின. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கடன் வழங்கி, வாராந்தத் தவணையை வீட்டு வாசலுக்கே வந்து அறவிடுவது அவற்றின் வழக்கமாயிற்று. 2018ஆம் ஆண்டு, வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத, குறித்த காலம் நிலுவையிலிருந்த பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. யாழ்ப்பாண மாவட்டமும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் வடமராட்சியிலிருந்து கணவனை இழந்த பெண்ணொருத்தி, ரொறன்ரோவிலுள்ள தமக்கைக்குக் கைத்தொலைபேசியிற் பின்வருமாறு ஒரு குரற்செய்தி அனுப்புகிறாள் எனக் கொள்வோம்:

'அக்கா, இண்டைக்கும் வந்து வாசலிலை நிண்டவங்கள். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? அந்த மனுசன் இருந்திருந்தா எனக்கு இந்த நிலை வந்திருக்குமே? நான் என்ன பாவஞ் செய்தனான்? ஒரு லட்சத்துக்குக் கீழை எடுத்த கடனைத் தள்ளுபடி செய்யினமாம். அது எனக்கும் வருமோ?'

இங்கு நான்கு வினாக்கள் உள்ளன. நான்கும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் வருகின்றன. ஆயின் அவற்றின் அமைப்பு ஒன்றன்று. முதலாவது வினாவின் பயனிலை 'சொல்லுறது' என்னும் தொழிற்பெயர். 'நான் ஆரிட்டைச் சொல்ல வேணும்?' என்று அவள் கேட்டிருப்பின் அது வழிகாட்டலை வேண்டும் வினாவாகியிருக்கும். 'ஆரிட்டைச் சொல்லுறது', 'எங்கை போறது', 'என்னத்தைச் செய்யிறது' என்னும் தொழிற்பெயர் முடிபுகள் வழியின்மையைக் கூறுவனவாகவே நம்மிடையே பெரிதும் வழங்குகின்றன. இரண்டாவது, நடவாத ஒன்றை நிபந்தனையாகக் கொண்டது. 'வந்திராது' என்னும் விடை அதனுள்ளேயே அடங்கியுள்ளது. மூன்றாவது தமக்கையை நோக்கியதே அன்று. அதற்கு விடைகூறவல்லவர் எவருமிலர்.

நான்காவது வினா முற்றிலும் வேறானது. அதற்கு முன் ஒரு செய்தி வருகிறது. 'செய்யினமாம்' என்பதிலுள்ள 'ஆம்', அது பிறர்வாய்க் கேட்டது, உறுதி செய்யப்படாதது என்பதை உணர்த்துகின்றது. 'அது' என்னும் சுட்டு குறித்தவொரு பொருளைச் சுட்டுகின்றது. ஆம், இல்லை என இரண்டிலொன்று அதற்கு விடையாக முடியும். கனடாவிலிருந்தாலும் தமக்கை அதனை விசாரித்து அறியலாம். ஆகவே இது நன்னூலார் கூறும் ஐய வினா. முறையீட்டின் இறுதியில், ஏறக்குறைய கூச்சத்தோடு, உண்மையான வினா வந்து நிற்கின்றது. இவ்வாறு இறுதியில் வருதல் தற்செயலானதன்று என்றே கருதுகின்றேன். உதவி கேட்பதற்குரிய தகுதியை முன்னைய வாக்கியங்களால் அவள் ஈட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

வினா விகுதிகளை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை நிறுவிவிடலாம் என எண்ணுதல் தவறு. தமிழ்நாட்டுப் பேச்சில் 'ஆ' வரும் இடங்களில் யாழ்ப்பாணப் பேச்சில் பெரும்பாலும் 'ஏ', 'ஓ' என்பன வரும். மேற்காட்டிய செய்தியில் 'ஏ' முறையீட்டிலும் 'ஓ' ஐயத்திலும் வந்துள்ளன. ஆனால் 'சாப்பிட்டியளே?' என்பது விடையை வேண்டும் சாதாரண வினாவேயாகும். விகுதி குறிப்பு மட்டுமே தரும். குறித்த பொருள் உண்டா, விடை இருக்கக்கூடியதா, கேட்கப்படுபவர் அதனை அறியக்கூடியவரா என்பனவே தீர்மானிக்கும்.

இனித் தமக்கையின் மறுமொழியை நோக்குவோம். அவள் உடனே, 'ஏன் குழுவிலை கடன் எடுத்தனீ? சங்கிலியை ஈடு வைச்சுக் கட்டிவிடன்' என்கிறாள். 'ஓமக்கா, சங்கிலி எப்பவோ போட்டுது' என்று பதில் வருகிறது. 'அப்ப சீட்டுக் காசை எடு' என்றால், 'ஓம், ஆனால் அது பெடியன்ரை படிப்புக்கு' என்று பதில் வருகிறது. மூன்றாம் முறை தமக்கை சினங் கொள்கிறாள். சொன்னால் கேட்கமாட்டாள், பின்னர் ஏன் கேட்டாள் என்று. இந்த 'ஓம், ஆனால்' என்பது நன்றியின்மையின் அடையாளமன்று. தவறான இடத்தில் விடை கூறப்பட்டது என்பதன் அடையாளம். கெயில் ஜெஃபர்சனும் ஜோன் லீயும் 1981இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கில உரையாடற் பதிவுகளைக் கொண்டு இதனை விளக்கினர். துன்பத்தைக் கூறுபவரும் கேட்பவரும் என்றிருந்த உறவு, அறிவுரை புகுந்ததும் ஆலோசனை பெறுபவரும் வழங்குபவரும் என மாறிவிடுகின்றது. முன்னையதில் மையமாயிருந்தது கூறுபவரின் அனுபவம்; பின்னையதில் மையமாவது 'பிரச்சினை' என்னும் பொருள். அறிவுரை நல்லதேயாயினும் காலத்துக்கு முன் வந்தால் மறுக்கப்படுகின்றது என்பது அவர்கள் கண்டது.

அவர்கள் அதிகம் வற்புறுத்தாத ஒன்றை நாம் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அறிவுரை சமமானவரிடையே நிகழ்வதன்று. பணம் அனுப்புபவர் அனுப்பப்படுபவருக்கும், கடன் கொடுத்தவர் பட்டவருக்கும் அறிவுரை கூறுவர். மறுதலையாக நிகழ்வது அரிது. 'ஏன் எடுத்தனீ?' என்னும் தமக்கையின் வாக்கியமும் வடிவில் வினாவே; பொருளிற் குற்றச்சாட்டு. வட்டி வீதத்தை நிர்ணயித்தோரை நோக்கிச் செல்ல வேண்டிய கேள்வி கடன்பட்டவளை நோக்கித் திரும்பிவிடுகின்றது.

தமக்கை செய்யத்தக்கது வேறு. 'வாசலிலை வைச்சே கேட்டவங்கள்? சனத்துக்கு முன்னாலையோ?' என்று கேட்டால் அவளும் வினாவே எழுப்புகிறாள்; ஆனால் அது தங்கை பட்ட இளிவைக் கையேற்கும் வினா. கடனைக் காட்டிலும் அயலார் பார்த்து நின்றமையே அன்று அவளைச் சுட்டது என்பது செய்தியின் இரண்டாம் வாக்கியத்திலேயே உள்ளது. வினாவுக்கு வினாவும் விடையாகலாம் என்று தொல்காப்பியம் கூறியிருப்பதை இங்கு நினைவுகூரலாம். அதன் பின்னர் நான்காவது வினாவுக்கு வரவேண்டும்: முதல் எவ்வளவு, எப்போது எடுத்தது, எத்தனை தவணை நிலுவை? கேட்டிருத்தலோடு நின்றுவிட்டால் உண்மையான வினா விடையின்றிப் போகும். தங்கை அதனை இரண்டாம் முறை கேட்பாள் என்பது நிச்சயமன்று.

இன்னொரு வகையையும் விலக்கிக் கூறுதல் அவசியம். 'இனி நான் இருந்தென்ன?' என்பது வடிவில் முறையீடு போன்றதே. 1990களின் நடுப்பகுதியில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை வீதங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இருந்த இலங்கையில், இதனை வெறும் வழக்குத்தொடர் எனக் கடந்து செல்லலாகாது. சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். அவ்வாறு கேட்பது அந்நினைவை ஊட்டிவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை.

செத்தவீட்டு ஒப்பாரியில் இத்தடுமாற்றம் எழுவதில்லை. ஏன் போனாய், எங்களை யாரிடம் விட்டுச் சென்றாய் என்று இறந்தவரை நோக்கிக் கேள்விகள் அடுக்கப்படும். சூழ்ந்திருக்கும் பெண்கள் விடை சொல்வதில்லை. கட்டிப்பிடித்துத் தத்தம் இழப்பைச் சொல்லி அழுவர். இடமும் வடிவமும் அங்கே கேட்போரின் கடமையை முன்கூட்டியே வரையறுத்துவிட்டன. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த புலப்பெயர்வும் அந்தச் சுற்றத்தைச் சிதறடித்துவிட்டன. முற்றத்தில் நிகழ்ந்தது இன்று குரற்செய்தியாகக் கடல் கடக்கின்றது. கேட்பவர் வேலைக்குச் செல்லும் பேருந்தில் அதனைக் கேட்கின்றார்.

இதுவரை விடை வேண்டாத வினாவுக்கு விடை கூறும் தவறையே பெரிதும் நோக்கினோம். அதன் மறுதலையான தவறு இதனினும் கொடிது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரத்தில் தொடர் போராட்டமொன்றை ஆரம்பித்தனர். 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' என்பது அவர்களது வினா. அழுகையோடு கேட்கப்படுவதால் அதனை ஒப்பாரியின் வினாவாகவே கொள்ளும் போக்கொன்று வளர்ந்தது. ஆறுதல், உளவள ஆலோசனை, இழப்பீடு என்பன முன்வைக்கப்பட்டன. காணாமற்போனோர் அலுவலகம் 2016இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் 2018இல் இயங்கத் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணைகளின் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கூறினார். எங்கே, யாரால், எவ்வாறு என்பவற்றுக்கு அதில் விடையில்லை.

தங்கையின் நான்காவது வினாவுக்குப் பொருந்திய அளவுகளை இவ்வினாவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் தம் உறவினரைத் தாமே கையளித்ததாகக் கூறும் குடும்பங்கள் பல. அவர்களது வினாவில் நாள் உண்டு, இடம் உண்டு, ஏற்றிச்சென்ற பேருந்து உண்டு, கையேற்றவர் இன்னார் என்பதும் உண்டு. விடை எங்கோ இருக்கின்றது. கேட்கப்படுபவர் அதனை அறியக்கூடியவர், அறிவிக்கும் கடப்பாடும் உடையவர். தாயொருத்தி அழுதுகொண்டு கேட்பதால் அவ்வினாவின் இலக்கணம் மாறிவிடுவதில்லை. அயலவரும் உறவினரும் அவளது அழுகையைக் கேட்டிருக்கலாம். அவர்களிடம் அந்த விடை இல்லை. அதனை வைத்திருப்பவர் கேட்டிருக்க மட்டும் முன்வரும்போது, அவர் விடைகூற மறுக்கின்றார்.